சம்பளத்தைச் சொல்லிவிட்டு ரெஸ்யூம் கேளுங்கள்: ரெக்ரூட்டர் ஒருவருக்குத் திறந்த மடல்

வணக்கம்.

நேற்று நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. "முன்னணி பன்னாட்டு நிறுவனத்தில் அருமையான வாய்ப்பு, சென்னை, தகுதியானவருக்குச் சம்பளம் ஒரு தடையல்ல. ரெஸ்யூம், தற்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி., நோட்டீஸ் பீரியட் நான்கையும் உடனே அனுப்பவும்." இவ்வளவுதான் அதில் இருந்தது. நான் கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடி சென்னை நிறுவனம் ஒன்றுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவன். இதே போன்ற செய்தி தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் என் நண்பர்களுக்கும் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதும் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

என்னிடம் நான்கு விவரம் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை. மேனுவல் டெஸ்டிங்கா, ஆட்டோமேஷனா என்பதுகூட இல்லை. நிறுவனம் உங்களுக்கு ஆள் கேட்டு அனுப்பும்போதே வேலை விவரம், அனுபவம், பட்ஜெட் மூன்றையும் சேர்த்துத்தான் அனுப்பும். பட்ஜெட் தெரியாமல் நீங்கள் யாரையும் தேர்ந்தெடுக்கவே முடியாது. உங்கள் கன்சல்டன்சிக்கான கட்டணமும் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்றுதானே பேசப்படுகிறது? ஆகவே அந்த எண் உங்களிடம் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு என் இப்போதைய சம்பளத்தை முதலில் கேட்டால், அதன்மேல் 20 அல்லது 30 சதவீதம் வைத்துப் பேச்சை முடித்துவிடலாம். வேலையின் மதிப்பு என்ன என்ற கேள்வி அங்கேயே காணாமல் போகிறது. குறைந்த சம்பளத்தில் ஆரம்பித்தவர் கடைசிவரை குறைந்த சம்பளத்திலேயே இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எங்கள் ஊரில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றுவதற்கு முன்பே குவிண்டாலுக்கு என்ன விலை, ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக்கூடாது என்பதெல்லாம் விவசாயிக்குத் தெரியும். அங்கே வேறு எத்தனையோ குறைகள் உண்டு, ஆனால் விலையை மறைத்து யாரும் நெல் கேட்பதில்லை. நானும் அதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

சரி, சம்பளத்தைச் சொல்லும்போதும் வெறும் சி.டி.சி., அதாவது நிறுவனம் ஓர் ஆளுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் போதாது. ஏன் என்பதை ஒரு கணக்கு போட்டே காட்டுகிறேன். ஒன்பது லட்சம் என்று சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அப்பா உடனே பன்னிரண்டால் வகுத்து மாதம் 75,000 என்பார். அது நடக்காது. முதலில் அதில் பத்து சதவீதம், அதாவது 90,000, வேரியபிள் பே. என் வேலையையும் கம்பெனியின் லாபத்தையும் பார்த்து வருடக் கடைசியில் வரலாம், குறையலாம், வராமலும் போகலாம். மீதி 8,10,000. அடிப்படைச் சம்பளம் மாதம் 37,500 என்றால், அதில் 12 சதவீதமாக நிறுவனம் கட்டும் பி.எஃப். 4,500, வருடத்துக்கு 54,000. இதுவும் சி.டி.சி.க்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டி என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ஏறக்குறைய 21,650 ரூபாயைச் சேர்த்திருப்பார்கள். ஐந்து வருடம் முடிப்பதற்குள் விலகினால் பொதுவாக அது கைக்கு வராது. மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 12,000 போட்டிருப்பார்கள். இவற்றைக் கழித்தால் மாதம் சுமார் 60,200. அதிலிருந்து என் பங்கு பி.எஃப். 4,500, அப்புறம் தொழில் வரி சுமார் 200. கைக்கு வருவது 55,500. இப்போதைய புதிய வருமான வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வரி வராது என்பதால் இந்த அளவாவது நிற்கிறது.

இதே ஒன்பது லட்சத்தில், பி.எஃப்.பை அடிப்படைச் சம்பளத்தில் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு மட்டும் 12 சதவீதம் பிடிக்கும் நிறுவனமாக இருந்தால் இரண்டு பக்கமும் 1,800 தான் போகும். அப்போது கைக்கு 60,900 வரும். சி.டி.சி. மாறவே இல்லை, மாதச் சம்பளத்தில் 5,400 ரூபாய் வித்தியாசம். பி.எஃப். என் சேமிப்புதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வாடகையை அதிலிருந்து மாதாமாதம் எடுத்துக் கொடுக்க முடியாது. இங்கே சொந்த வீட்டில் இருக்கிறேன். சென்னைக்கு வந்தால் வாடகை, அட்வான்ஸ், மாதம் ஒரு தடவையாவது உழவன் எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாம் அந்த 55,500-க்குள் அடங்க வேண்டும். ஆகவே ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, பி.எஃப். எந்தக் கணக்கில் என்ற மூன்றும் தெரியாமல் "எதிர்பார்ப்பு என்ன" என்ற உங்கள் கேள்விக்கு என்னால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது நிறுவனத்தின் பெயர். "கிளையண்ட் பெயரை இப்போது சொல்ல முடியாது" என்பீர்கள். ஒரே வேலைக்கு நாலைந்து கன்சல்டன்சிகள் ஆள் தேடுவது உங்களுக்குத் தெரியும். என் ரெஸ்யூமை உங்களிடம் கொடுத்து, பெயர் தெரியாமலேயே இன்னொருவரிடமும் கொடுத்துவிட்டால் ஒரே நிறுவனத்துக்கு இரண்டு வழியில் போய்ச் சேரும். முதலில் அனுப்பியவருக்குத்தான் உரிமை என்று அங்கே தகராறு வரும். பல இடங்களில் அந்த ஆளையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். நேரடியாக அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்திருந்தாலும் இதே கதைதான். உங்களுக்கு அது ஒரு கட்டணம் போன கணக்கு, எனக்கு அந்த நிறுவனத்தின் கதவே சில மாதம் மூடிவிடும். அதனால் பெயரைச் சொல்லி, "இந்த நிறுவனத்துக்கு உங்கள் ரெஸ்யூமை அனுப்பலாமா" என்று மெயிலில் கேட்டு, நான் சம்மதம் சொன்ன பிறகே அனுப்புங்கள்.

யாருடைய பேரோலில் வேலை, அதாவது சம்பளம் தரப்போவது யார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். திருவாரூரில் இருக்கும் என் அத்தை மகனுக்கு இப்படித்தான் "முன்னணி நிறுவனம்" என்று செய்தி வந்தது. இருந்த வேலைக்கு லீவு போட்டுவிட்டு ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்குப் போனார். இரண்டு சுற்று முடிந்து கடைசியாக ஹெச்.ஆர். அறையில்தான் தெரிந்தது: ஆறு மாத ஒப்பந்தம், சம்பளம் வேறொரு ஏஜென்சியின் பேரோலில், நைட் ஷிஃப்ட், நிரந்தரம் ஆவது கிளையண்ட் விருப்பம். ஒப்பந்த வேலை கேவலமான வேலை இல்லை, அதைத் தெரிந்தே எடுப்பவர்கள் உண்டு. அவருக்குக் கைக்குழந்தை இருந்தது. இரண்டு வரி முன்கூட்டியே எழுதியிருந்தால் அவர் கிளம்பியே இருக்க மாட்டார், அந்த மேனேஜரின் நேரமும் மிஞ்சியிருக்கும்.

எல்லோரும் ஊரைவிட்டுக் கிளம்பத் தயாராக இருக்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். தஞ்சாவூரிலேயே 2024-இல் டைடல் நியோ ஐ.டி. பூங்கா திறந்தாயிற்று. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் இங்கே நிறையப் பேர். வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்பது எங்களுக்குச் சம்பளத்துக்கு இணையான விஷயம்.

நான் வேலை மாற மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆட்டோமேஷன் பக்கம் போக எனக்கு விருப்பம் இருக்கிறது. என் நோட்டீஸ் பீரியட் 60 நாள், அதைச் சொல்வதில் தயக்கம் இல்லை. நிறுவனத்தின் பெயர், வேலை விவரம், ஃபிக்ஸட் சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, யாருடைய பேரோல், வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் என்பதை எழுதி அனுப்புங்கள். ஒத்து வந்தால் அன்றைக்கே ரெஸ்யூம் அனுப்புகிறேன். ஒத்து வராவிட்டால் அதையும் அன்றைக்கே சொல்லி, பொருத்தமான நண்பர் யாராவது இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு உங்களுக்குத் தெரிவிக்கிறேன். போனில் பேசுவதென்றால் மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர்