கோவில் வாசல் மைக்கில் என்ன சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசக் காவடிக்கான நேரப் பட்டியலைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். காவடி புறப்படும் நேரம், அபிஷேகம், அன்னதானம் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் வாசலில் கூட்டம் நெருக்கும்போது மைக்கில் என்ன சொல்வது என்பதை நம் மொரீஷியஸில் எந்தக் கோவிலிலும் யாரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. பல ஆண்டுகள் அந்த மைக்கின் முன் உட்கார்ந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு தைப்பூசத்தன்று, நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றை யாரோ என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். நான் அவள் பெயரையும் மஞ்சள் பாவாடையையும் சொல்லி, "தாயார் உடனே வாசலுக்கு ஓடி வரவும்" என்று அறிவித்தேன். தாய் அப்போது சந்நிதிக்கு அருகில் இருந்தார். அவர் திரும்பி, ஏறி வரும் காவடிகளுக்கு எதிராகவே படிகளில் ஓடி வந்தார். இரண்டு பாட்டிமார் விழுந்தார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஓடி வரவும்" என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது. அதை நான் மறக்கவில்லை.

அதன் பிறகுதான் கூட்டம் எப்படி நகர்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. வாசல் நின்றுவிட்டது என்று தெரியாமல் அவர் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கிறார். நூறு பேர் அப்படி ஓர் அடி வைத்தால் அந்த அழுத்தம் முழுவதும் முன்வரிசையில் இருப்பவர் நெஞ்சில் இறங்குகிறது. நாம் "தள்ளாதீர்கள்!" என்று கத்தும்போது அது கேட்பது முன்னால் நசுங்குபவர்களுக்குத்தான். அவர்களால் எதுவும் செய்ய முடியாது. ஆகவே பின்வரிசையோடு பேச வேண்டும், ஒரு ஒலிபெருக்கியையாவது வரிசையின் வால்பக்கம் கட்ட வேண்டும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

"பின்னால் நிற்கும் அம்மாமாரே, ஐயாமாரே, இரண்டு அடி பின்னுக்குப் போய் நில்லுங்கள். வாசலைச் சற்று நேரம் நிறுத்தியிருக்கிறோம். எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் சொல்கிறோம்."

ஐந்து நிமிடம் என்று சொன்னால், வாசல் திறக்காவிட்டாலும் ஐந்தாவது நிமிடத்தில் மைக்கைத் திறந்து பேச வேண்டும். சொல்லாமல் விட்டால் வதந்தி பேசும். 2008-இல் இமாச்சலப் பிரதேசத்து நைனா தேவி கோவிலில் மலை சரிகிறது என்று எழுந்த வதந்தியால் 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "எல்லோரும் நலம்" என்பதும் உண்மையாக இருக்கும்போது மட்டும் சொல்ல வேண்டியது. யாருக்காவது அடிபட்டிருந்தால், "ஒருவருக்கு உதவி நடக்கிறது, வழி விடுங்கள்" என்பதே போதும். "ஆபத்து", "உடனே", "ஓடுங்கள்" மூன்றும் வாசலில் வேண்டாம்.

எப்போது நிறுத்துவது என்று தொண்டர்கள் கேட்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசல் நிமிடத்துக்கு 60 பேரை உள்ளே விடுகிறது, சாலையிலிருந்து 90 பேர் வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் 300 பேர் மிச்சம். ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேர் வரை நின்றால் மூச்சுவிட இடமிருக்கும். அப்படியானால் அவர்களுக்கு 75 சதுர மீட்டர் வேண்டும். ஐந்து மீட்டர் அகலச் சாலையில் அது பதினைந்து மீட்டர் நீளம். காவடி எடுப்பவருக்கு இரு பக்கமும் இடம் வேண்டியிருப்பதால் இன்னும் சீக்கிரம் நிறைந்துவிடும். கையை மடக்கி நெஞ்சுக்கு முன் கொண்டுவர முடியவில்லை என்றால் அளவு தாண்டிவிட்டது. ஆட்கள் விரும்பாமலே கூட்டம் அலை போல ஆட ஆரம்பித்தால் மிகவும் தாமதம். அதற்கு முன்பே, வாசலில் அல்ல, சாலையின் முனையில் வரவை நிறுத்த வேண்டும். வாசலில் நிறுத்தினால் பின்னாலிருந்து வரும் அழுத்தம் கூடிக்கொண்டேதான் போகும்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். பெயர், வயது, உடை எதையும் மைக்கில் சொல்லக் கூடாது. சொன்னால் யார் வேண்டுமானாலும் அதைத் திருப்பிச் சொல்லி அழைத்துப் போகலாம். "பிள்ளையைக் காணாதவர்கள் கூட்டத்தோடு நடந்து, வலது பக்கப் பந்தலுக்கு வாருங்கள். பிள்ளை பத்திரமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லலாம். அந்தப் பந்தல் ஓரமாக இருக்க வேண்டும், எதிர்நடை இல்லாமல் போய்ச் சேர வேண்டும். பிள்ளையோடு இரண்டு தொண்டர்கள், ஒருவர் பெண், எப்போதும் இருக்கட்டும். கேட்டு வருபவர் பெயரையும் உடையையும் தாமே சொல்லட்டும். பிள்ளை அவரிடம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றவர் தேடி வந்து பிள்ளை இன்னும் கிடைக்காவிட்டால், அடையாளத்தை வாசல் தொண்டர்களுக்குப் போனில் சொல்லி, வெளியேறும் வழிகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். கூடவே போலீசுக்கு 999-இல் அழையுங்கள். புறப்படும் முன் பிள்ளையின் கையில் பேனாவால் உங்கள் போன் எண்ணை எழுதிவிட்டால் பாதி வேலை குறைகிறது.

தண்ணீர்ப் பந்தலை வாசலுக்கு அருகில் வைக்காதீர்கள். தண்ணீருக்காக நிற்கும் வரிசை காவடி வரிசையைக் குறுக்கே வெட்டும். சாலையோரம் முன்னதாகவே இரண்டு மூன்று இடங்களில் வைத்து, "அடுத்த தண்ணீர் இன்னும் ஐந்நூறு அடியில்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் முண்டியடிக்க மாட்டார்கள். நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்தியவர்களால் குடிக்க முடியாது. அவர்களுக்குத் தலையிலும் கழுத்திலும் ஈரத்துணி, காலுக்குத் தண்ணீர். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் தார்ச்சாலை வெறுங்காலைச் சுட்டுவிடும்.

பத்து நாள் விரதம் இருந்தவர் விழுந்தால் சிலர் அருள் என்று விலகி நிற்கிறார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். நிழலில் கிடத்தி, ஈரத்துணி போட்டும் தெளியவில்லை, பேச்சுக் குழறுகிறது, உடல் கொதிக்கிறது என்றால் ஆம்புலன்சுக்கு 114-இல் அழையுங்கள். வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வாயில் வேல் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வேலைப் பிடுங்க வேண்டாம்.

இவற்றை இங்கே எல்லோரும் பேசும் கிரியோலில் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. எனக்குத் தமிழ் மேல் பற்று உண்டு. ஆனால் நம் இளைஞர்களில் பலருக்குத் தேவாரம் தெரியும், "பின்னுக்குப் போங்கள்" தெரியாது. பின்வரிசையைப் பார்த்து, தள்ளாதீர்கள் என்பதைக் கிரியோலில் "பா பூசே" என்று சொன்னால் உடனே நிற்பார்கள். பின் தமிழில் பெரியவர்களுக்கு.

அடுத்த தைப்பூசத்துக்கு முன் இந்த அறிவிப்புகளை வெட்டி ஒட்டும் அளவில் இரண்டு மொழியிலும் உங்கள் இதழில் அச்சிட்டுத் தர முடியுமா? எங்கள் கோவில் மைக்குக்கு அருகில் நானே ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
காவடி வாசல் தொண்டர் ஒருவர்,
காத்ர் போர்ன், மொரீஷியஸ்