அக்காவிடம் சொல்லிவிட்டாயா?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று தொலைபேசியில் பேசும்போது பதினெட்டு நாளில் பயணம் என்றாய். உன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "அதெல்லாம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் அம்மா, அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாய். அதன்பிறகு உன் அலுவலகத்தைப் பற்றி நீ சொன்ன எதுவும் என் காதில் சரியாக ஏறவில்லை. இவ்வளவு பெரிய பொறுப்புக்கு உன்னைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை அப்பாவிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. அந்தக் கடைசி என்ற சொல்தான் மனதில் நின்றுவிட்டது.

அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பது உண்மைதான். நீ என்றைக்குச் சொன்னாலும் "சரிம்மா" என்றுதான் சொல்வார். ஆனால் சம்பளம் கொடுப்பவரிடம் சொல்லப்படும் "சரிம்மா"வை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதே. பல நேரங்களில் அது, இனி வீட்டுக்குப் போய் யாரிடம் எதை மாற்றச் சொல்லிக் கெஞ்சுவது என்ற யோசனையின் தொடக்கம் மட்டுமே.

நீ சொன்னதை நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஞாயிறு மாலை நீ கிளம்புகிறாய், அடுத்த ஞாயிறு திரும்புகிறாய். அக்கா வழக்கமாகக் காலை ஒன்பது மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் போகிறார். மாப்பிள்ளை செவ்வாயும் வியாழனும் சீக்கிரம் போக வேண்டியிருப்பதால் அந்த இரண்டு நாளும் அவர் ஏழு மணிக்கே வர வேண்டும். புதன்கிழமை மாப்பிள்ளை திரும்பத் தாமதமாகும் என்பதால் இரவு எட்டு மணி வரை இருக்க வேண்டும். திங்கள், வெள்ளி, சனி மூன்றும் வழக்கம்போல. உனக்கு இது சின்ன மாற்றமாகத் தெரியலாம். நம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவர் காலையில் இன்னொரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு வருகிறார் என்று நீதானே ஒருமுறை சொன்னாய்? அப்படியானால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் அவர் அந்த வீட்டில் அனுமதி கேட்க வேண்டும், அவருடைய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேறு ஒருவரைத் தேட வேண்டும், புதன்கிழமை எட்டு மணிக்கு மேல் பேருந்து கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் ஓர் இரவில் செய்ய யாராலும் முடியாது. இரண்டு வாரம் இருந்தால் முடியும். ஆகவே இந்த வாரமே சொல்லிவிடு.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது சொல்லாதே. கைபேசியில் செய்தியாகவும் முதலில் அனுப்பாதே. குழந்தை மதியம் தூங்கிய பிறகு அவரை உட்காரச் சொல்லி, நீயும் எதிரில் உட்கார்ந்து சொல். எதற்காகப் போகிறாய், எத்தனை நாள், வீட்டில் யார் இருப்பார் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு மாறுகிற மூன்று நாட்களை மட்டும் சொல். மாறாத நாட்களையும் சேர்த்துச் சொன்னால் எல்லாம் குழம்பிவிடும். சொல்லி முடித்ததும் "முடியுமா?" என்று கேட்காதே, அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. "இதில் எந்த நாள் உங்களுக்குக் கஷ்டம்?" என்று கேள். "பார்க்கிறேன்மா" என்று சொன்னால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதே, வீட்டில் கேட்க வேண்டும் என்று பொருள். ஒரு நாள் விட்டு நீயே மறுபடி கேள். நாள்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் உடனே சரி என்றால்தான் கவலைப்பட வேண்டும். விஷயம் மனதில் ஏறியவர் ஒன்றையாவது திருப்பிக் கேட்பார்: சாவி யாரிடம் இருக்கும், ஏழு மணிக்குக் குழந்தை எழுந்திருக்குமா என்று ஏதாவது ஒன்று.

சம்பளப் பேச்சை அவர் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே, அவர் எடுக்கவே மாட்டார். நாள்களைச் சொல்லும் அதே மூச்சில் பணத்தையும் சொல்லிவிடு. கணக்கு எளிது. மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 9 மணி நேரம், ஆக 234 மணி நேரம். மாதச் சம்பளத்தை அதனால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு என்ன என்று வந்துவிடும். நீ கூடுதலாகக் கேட்பது 6 மணி நேரம். அதிகாலையும் இரவுமாகக் கேட்பதால் ஒன்றரை மடங்கு கொடுப்பதுதான் முறை என்பது என் எண்ணம். 6 மணி நேரம் ஒன்றரை மடங்கானால் 9, அதாவது சரியாக ஒரு நாள் சம்பளம். "அந்த வாரத்துக்கு ஒரு நாள் சம்பளம் கூடுதலாகத் தருகிறேன்" என்று சொன்னால் எந்தக் கணக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன், சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லாதே. அந்த வாரம் வந்ததும் உனக்கு வேறு ஏதாவது வேலை வரும், உன்னை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நீ திரும்பும் நாளில் மாப்பிள்ளைக்கும் வேலை இருப்பதால், காலையிலிருந்து நீ வந்து சேரும் வரை அக்காவை வரச் சொல்லலாம் என்று போகிற போக்கில் சொன்னாய். திங்கள் முதல் சனி வரை வேலை செய்தவருக்கு அது ஒன்றுதான் ஓய்வு நாள். வீட்டு வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அப்பா இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறார், நீ காதில் வாங்கியிருக்கிறாயோ என்னவோ. ஞாயிறு வந்தே ஆக வேண்டுமானால், அதற்கு ஈடாக எந்த நாள் முழு விடுமுறை என்பதை இப்போதே, தேதியோடு சொல். வர முடியாது என்று அவர் சொல்லவும் உண்மையாகவே இடம் கொடு.

அவர் ஒப்புக்கொண்ட பிறகு நாள்காட்டியில் அந்த மூன்று நாட்களையும் வட்டமிட்டு, பக்கத்தில் 7 என்றும் 8 என்றும் பெரிதாக எழுதி, அவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டு. பிறகு அவரையே அந்த வாரத்தைச் சொல்லச் சொல்; சோதிப்பதுபோல அல்ல, "நான் சரியாகச் சொன்னேனா பாருங்கள்" என்று உன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு கேள். நீ கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் அவரை ஏழு மணிக்கு வரச் சொல்லிப் பார், அந்த இரண்டு மணி நேரத்துக்கும் பணம் கொடுத்துவிடு. ஏழு மணிக்கு வருகிற பேருந்து உண்மையில் ஏழேகாலுக்குத்தான் வரும் என்பது நீ இருக்கும்போதே தெரிந்துவிடும். நீ இல்லாத வாரத்தில் ஏதாவது மாறினால் மாப்பிள்ளை மட்டும் அவரிடம் சொல்லட்டும். நீ அங்கிருந்து ஒன்று, மாப்பிள்ளை இங்கிருந்து ஒன்று என்று சொன்னால் இரண்டு பேரிடமும் திட்டு வாங்குபவர் அவர்தான்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன் பெரியம்மாவை நினைவிருக்கிறதா? நம் வீட்டில் வேலை செய்து, உன்னைத் தூக்கி வளர்த்தவர். நீ அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டால் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்றுதான் உன்னிடம் சொன்னேன். அது பொய். அந்த வருடம் நாம் எல்லோரும் ஒரு வாரம் வெளியூர் போனோம். கிளம்புவதற்கு முந்தைய மாலை, அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, "நாளையிலிருந்து ஒரு வாரம் வர வேண்டாம்" என்றேன். அவர் ஒரு செருப்போடு நின்று "சரிம்மா" என்றார். மாதக் கடைசியில் அந்த ஏழு நாளுக்கும் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டேன். வேலைக்கு வரத் தயாராக இருந்தவரை வர வேண்டாம் என்று சொன்னது நான், பணத்தை இழந்தது அவர். அதோடும் விடவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டு, உடனே வரச் சொல்லி ஆளனுப்பினேன். சம்பளம் இல்லாத வாரமாயிற்றே, வேறொரு வீட்டில் ஒத்துக்கொண்டிருந்தார், வர முடியவில்லை. மறுநாள் வந்தவரை நீ பார்க்கும்படி வாசலில் நிறுத்திப் பேசினேன். அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. நீ எத்தனையோ நாள் ஒன்பது மணிக்குக் கதவருகில் போய் நின்றாய். போய்க் கூப்பிட்டிருக்கலாம், வீடு தெரியும். நான் போகவில்லை.

உன் மகளும் ஒன்பது மணிக்குக் கதவருகில் போய் நிற்கிறாள் என்று போன மாதம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, நான் அன்று சிரிக்கவில்லை.

அந்த வாரம் நான் வந்து இருக்க முடியுமா என்று நீ கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. போன முறை நான் வந்திருந்தபோது அக்காவின் வேலையில் தலையிட்டது உனக்குப் பிடிக்கவில்லை என்பது தெரியும். ஆனால் ஞாயிறு முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் ஒரு வார்த்தை சொல், சனிக்கிழமை மாலையே வந்துவிடுகிறேன். நான் வரக்கூடும் என்பதை, அவர் பதில் சொல்லும் வரை அவரிடம் சொல்லாதே, அதை வைத்துப் பதிலை மாற்றிக்கொள்வார். பதில் வந்த பிறகு, நான் வருவது அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான், மற்ற நாட்களும் சம்பளமும் பேசியபடியே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. வீட்டில் பாட்டி வருகிறார் என்றாலே, தன்னை நிறுத்திவிடுவார்களோ என்றுதான் முதலில் நினைப்பார்.

வியாழன் மதியம் குழந்தை தூங்கியதும் பேசிவிடு. என்ன சொன்னார் என்று இரவு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா