ஒரு நோட்டுக்கு இரண்டு கடைசித் தேதிகள்: மத்திய வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

பழைய நோட்டைத் திரும்பப் பெறும்போது நீங்கள் இரண்டு தேதிகளைக் குறிக்கிறீர்கள். ஒன்று, அது கடையில் செல்லாமல் போகும் நாள். மற்றொன்று, உங்கள் கவுன்ட்டரில் அதை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள். முதல் தேதி ஊரெங்கும் தெரிகிறது. வெளிநாட்டில் நோட்டை வைத்திருப்பவருக்கு வேண்டிய இரண்டாவது தேதியோ அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது.

இதில் நாட்டுக்கு நாடு எவ்வளவு வேறுபாடு என்பதற்கு யூரோவே சாட்சி. 2002இல் ஜெர்மன் மார்க், பிரெஞ்சு ஃபிராங்க், ஸ்பானிய பெசேட்டா மூன்றும் ஒன்றாகவே புழக்கத்திலிருந்து போயின. ஃபிராங்க் நோட்டுகளை மாற்றும் வாய்ப்பு 2012 பிப்ரவரியிலும், பெசேட்டாவுக்கு 2021 ஜூன் 30இலும் முடிந்துவிட்டது. மார்க்குக்கு இன்றுவரை கெடு இல்லை: 100 மார்க் கொடுத்தால் 51.13 யூரோ கிடைக்கும். மூன்றையும் ஒரே பெட்டியில் பத்திரப்படுத்தியவருக்கு இன்று ஒன்றுதான் பணம்.

கெடு இல்லாத நோட்டும் எல்லை தாண்டினால் மதிப்பிழக்கிறது. 20 பவுண்டு காகித நோட்டு 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடையில் செல்லாது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து அதைக் கெடுவின்றி முழு மதிப்புக்கு மாற்றித் தருகிறது. வேறொரு நாட்டில் ஒருவரிடம் அப்படிப் பத்து நோட்டுகள், அதாவது 200 பவுண்டு, இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள பணமாற்றுக்காரர் வாங்க மறுப்பார், அல்லது விலையை வெகுவாகக் குறைப்பார். அது ஏமாற்று அல்ல. அந்த நோட்டை அவர் இன்னொரு வாடிக்கையாளருக்கு விற்க முடியாது. லண்டனுக்குத்தான் அனுப்பியாக வேண்டும். அனுப்பும் செலவு, காப்பீடு, பணம் முடங்கும் வாரங்கள், கள்ளநோட்டாக இருந்தால் வரும் நட்டம் எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

உரியவரே தபாலில் அனுப்பலாம். விண்ணப்பத்தை நிரப்பி, அடையாளச் சான்று, முகவரிச் சான்று நகல்களோடு நோட்டுகளை வைக்க வேண்டும். வழியில் தொலைந்தால் பொறுப்பு அனுப்பியவருக்கே. காப்பீடில்லாத சாதாரண உறையில் நோட்டு வைப்பதைச் சர்வதேசத் தபால் விதிகளே தடுக்கின்றன. காப்பீட்டுக் கட்டணம் கட்டினால் 200 பவுண்டுக்குப் பெரும்பாலும் கட்டுபடியாகும். ஒற்றை நோட்டுக்கு ஆகாது.

நேரில்தான் வர வேண்டும் என்ற விதி இதைவிடக் கடுமை. 2016இல் இந்தியா 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவையாக்கியபோது, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கு 2017 ஜூன் 30 வரை அவகாசம் இருந்தது. ஆனால் தலைக்கு 25,000 ரூபாய்தான் வரம்பு. வேறு யாரிடமும் கொடுத்தனுப்பி மாற்ற முடியாது. விமான டிக்கெட்டின் விலை தெரிந்தவருக்கு இதன் பொருள் புரியும்.

எனவே நாங்கள் கேட்பது: இரண்டு தேதிகளையும் ஒரே அறிவிப்பில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். தபால் வழியை எல்லா நாட்டினருக்கும் திறந்து, பணத்தை வெளிநாட்டு வங்கிக் கணக்கிலும் வரவு வையுங்கள். தூதரகங்களில் நோட்டுகளைப் பெற்று முத்திரையிட்ட ரசீது கொடுங்கள். ரசீதிலுள்ள தேதியையே கெடுவுக்குக் கணக்கில் எடுங்கள்.

இப்படிக்கு,
பணமாற்றுத் தொழிலில் உள்ளோர்