பாம்பன் படத்துக்கு வரிக்கு வரி ஷாட் பட்டியல்

பாப்பா,

பாம்பன் ரயில் பாலம் பற்றி நீ எழுதி அனுப்பிய ஸ்கிரிப்டை நானும் அம்மாவும் சத்தமாகவே படித்துப் பார்த்தோம். நன்றாக வந்திருக்கிறது. பேட்டி கிடையாது, கேமரா முன்னால் யாரும் வந்து நிற்கப்போவதில்லை, முழுக்க உன் குரல்தான் என்று சொல்லிவிட்டாய். அப்படியென்றால் ஒவ்வொரு வினாடிக்கும் திரையில் ஏதாவது ஓடியாக வேண்டும். பேட்டி இருந்தால் விஷுவல் இல்லாத இடத்தில் பேசுகிறவர் முகத்தைக் காட்டித் தப்பிக்கலாம். உனக்கு அந்த வசதி இல்லை. அதனால் ராமநாதபுரத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே பி-ரோல் பட்டியலை, அதாவது குரலுக்கு மேல் ஓடவேண்டிய காட்சிகளின் பட்டியலை முடித்துவிடு. எடிட் டேபிளில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அங்கே வந்து நிற்கிற பிரச்சினைகளில் பெரும்பாலானவை பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியது, ஸ்கிரிப்ட் முழுவதையும் ஃபோனில் படித்துப் பதிவு செய்வது. ஃபைனல் குரல் வேண்டாம், அளவு பார்க்கத்தான். வார்த்தையை எண்ணி நேரம் கணக்கிடாதே, தமிழில் அது ஒத்துவராது. 'இணைத்துக்கொண்டிருந்தது' என்பது எண்ணிக்கையில் ஒரே வார்த்தை, வாயில் ஒரு வினாடிக்கு மேல் பிடிக்கும். பதிவை எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டு, ஒவ்வொரு வாக்கியமும் எத்தனை வினாடி என்று ஸ்கிரிப்டின் ஓரத்தில் குறித்துக்கொள். ஒரு ஷாட் சாதாரணமாக 3 முதல் 5 வினாடி தாங்கும், அதற்குள்ளேயே ஏதாவது நடந்துகொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆக 12 வினாடி வாக்கியத்துக்கு மூன்று ஷாட் தேவை. நீ அனுப்பியதில் பல பத்திகளுக்கு எதிரே 'பாலம் வைட் ஷாட்' என்று ஒன்று மட்டும் இருக்கிறது, அது போதாது.

உன் நாலாவது வாக்கியத்தையே எடுத்துக்கொள். "1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் பாலம், சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் மேல் நீண்டு மண்டபத்தையும் ராமேஸ்வரம் தீவையும் இணைத்தது." நான் படித்தபோது 11 வினாடி வந்தது. இதில் மூன்று சேதிகள் இருக்கின்றன: எப்போது, எவ்வளவு நீளம், எதையும் எதையும் சேர்த்தது. கேட்கிறவருக்கு இடம் புரிய வேண்டும், அதனால் வரைபடம் கட்டாயம். ஆனால் இணைத்தது என்ற சொல் கடைசியில்தான் வருகிறது, வரைபடமும் அங்கேதான் வர வேண்டும். நீளத்தைச் சொல்லும்போது பக்கத்தில் இருக்கும் சாலைப் பாலத்திலிருந்து பக்கவாட்டில் எடுத்த ஷாட், தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுவானம் வரைக்கும் போக வேண்டும். தேதிக்குப் பழைய புகைப்படம் ஒன்று. படம் கிடைக்காவிட்டால் பழைய பாலத்தின் ஒரு தூணை நெருக்கமாக எடுத்து, அதன் மேல் 1914 என்று எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். பட்டியலில் இது மூன்று வரியாக இருக்கட்டும்: 4அ, 4ஆ, 4இ. ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி, எங்கிருந்து வரும், யாருடைய அனுமதி தேவை, கிடைக்காவிட்டால் மாற்று என்ன, இந்த நாலும் இருந்தால் போதும். பட்டியலுக்கு இதற்கு மேல் பந்தா எதுவும் வேண்டாம்.

இந்த மாதிரி வாக்கியங்கள் சுலபம். உன் ஸ்கிரிப்டில் நிஜமாகவே சிக்கலான இடம் புயல் பகுதி. 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது என்று எழுதியிருக்கிறாய். அந்த இருட்டில், அந்த மழையில் யாரும் கேமராவோடு நின்றிருக்கவில்லை. அப்படி ஒரு காட்சி உலகத்தில் எங்குமே இல்லை. உடனே கை போவது இன்டர்நெட்டில் கிடைக்கும் புயல் ஃபுட்டேஜுக்கு. தயவுசெய்து அதைத் தொடாதே. வேறு ஊரில் வேறு வருஷம் அடித்த புயலை அந்த வரிக்கு மேல் போட்டால் பார்க்கிறவர் அதுதான் இது என்று நம்பிவிடுவார். அந்த ரயிலில் போனவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, பாப்பா.

அங்கே இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதை எடு. தனுஷ்கோடியில் கூரையில்லாத தேவாலயம் நிற்கிறது, ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்களும் நிற்கின்றன. வாக்கியத்தின் முதல் பாதிக்கு அந்த நாளைய செய்தித்தாளின் தலைப்பு வரட்டும். பழைய இதழ்கள் வைத்திருக்கும் நூலகத்தில் கேட்டுப் பார், படமெடுக்கவும் பயன்படுத்தவும் இரண்டுக்கும் தனித்தனியாக அனுமதி வாங்கி, பெயர் போட வேண்டுமா என்பதையும் பட்டியலில் எழுதிக்கொள். ரயில் என்ற சொல் வரும்போது நிலையத்தின் சுவர். கடல் இழுத்துப்போனது என்ற இடத்தில் வெறும் கடல், டிரைபாடில், கேமரா அசையாமல், 8 வினாடி. குரல் முடிந்த பிறகும் ஒரு மூன்று வினாடி அதிலேயே இரு. பார்க்கிறவருக்கு இது இன்றைய கடல் என்று தெரியும், யாரையும் ஏமாற்றவில்லை, ஆனால் கேட்ட சேதி மனசில் உட்கார அந்த இடைவெளி தேவை. அங்கே மாலைக்கு மேல் நிற்க விடமாட்டார்கள், ஆக இந்த ஷாட்டுகளைக் காலையிலேயே முடித்துவிடு.

அடுத்த வாக்கியம், அந்தப் புயலில் சேதமான பாலத்தை 46 நாளில் சரிசெய்த கதை. ஈ. ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியாளர். ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது, அவருக்கு மேலிருந்தவர் அதை மூன்று மாதமாக்கினார், ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். இங்கே நீ 'ஸ்ரீதரன் போட்டோ' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். 14 வினாடிக்கு ஒரே போட்டோவா? பிற்காலத்தில், அவர் டெல்லி மெட்ரோ கட்டிய நாட்களில் எடுத்த படத்தை 1964க்குப் போட்டால் அதுவும் தப்பான சேதிதான். இந்த வாக்கியத்தின் உயிர் ஆறு மாதம் 46 நாளானதில் இருக்கிறது, ஆக அதைத்தான் காட்ட வேண்டும். ஒரு நீளக் கோடு, ஆறு மாதம். அது பாதியாகச் சுருங்குகிறது, பிறகு அதற்கும் பாதியாக. எளிய கிராஃபிக்ஸ், 6 வினாடி. மிச்ச 8 வினாடிக்குப் பழைய பாலத்தின் தூண்கள். அந்தப் புயலில் போனவை பெரும்பாலும் தூண்களுக்கு மேலே இருந்த கர்டர்கள், தூண்கள் தாக்குப்பிடித்தன. ஆக தூணைக் காட்டினால் அந்த இரவைப் பார்த்த பொருளையே காட்டுகிறாய். சும்மா இடம் நிரப்புகிற ஷாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஆனால் ஒன்று. பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது, 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தாகிவிட்டது. நீ போகிற வாரத்தில் பழையது எந்த நிலையில் நிற்கிறது என்று ஊரில் யாரிடமாவது கேட்டு, இன்று எடுத்த போட்டோ ஒன்று அனுப்பச் சொல். 'இன்றும் கம்பீரமாக நிற்கிறது' என்று ஒரு வரி வைத்திருக்கிறாயே, அதற்கு எதிரே 'சரிபார்க்க' என்று எழுதி வை. விஷுவல் பொய்யாகிவிட்டால் வரியைத்தான் மாற்ற வேண்டும்.

பாலத்தைத் தூக்குகிற காட்சியையும் நம்பி உட்காராதே. கப்பலோ பெரிய படகோ கடக்கும்போதுதான் தூக்குவார்கள், நாம் கேட்டால் தூக்க மாட்டார்கள். பாம்பன் துறைமுக அலுவலகத்தில் கேட்டால் அந்த வாரம் ஏதாவது வருகிறதா என்று சொல்லக்கூடும். கிடைத்தால் நல்லது. பழைய பாலத்தின் இரண்டு பாதிகள் நடுவில் பிரிந்து மேலே எழுந்தன, புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே போகும். உன் வாக்கியம் இந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறது, நிஜக் காட்சி கிடைத்தாலும் அது பக்கத்துப் பக்கம் வைத்த இரண்டு கோட்டுப் படத்தில்தான் தெளிவாகப் புரியும். அதனால் இதற்குக் கிராஃபிக்ஸை முதல் வழியாகவும் நிஜ ஷாட்டைக் கூடுதலாகவும் எழுது. ட்ரோன் ஷாட் போட்டிருக்கிறாய், பக்கத்தில் உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் எழுப்பவே கூடாது. ட்ரோன் இல்லாமலே முழுப் படமும் நிற்கிற மாதிரி பட்டியல் இருக்கட்டும்.

கடைசி வாக்கியத்துக்கு நீ எதிரே எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறாய். 'இயற்கைக்கும் மனித முயற்சிக்கும் நடக்கும் முடிவில்லாத போராட்டம்.' சூரிய அஸ்தமனம் போடலாம் என்று நினைத்திருப்பாய். எதைப் போட்டாலும் பொருந்துகிற வரிக்கு எதுவுமே பொருந்தாது. அதை எடுத்துவிட்டு, உப்புக்காற்றில் இந்த இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது, அதோடு எப்படி மல்லுக்கட்டினார்கள் என்று எழுது. துருவை க்ளோஸ் அப்பில் எடுக்கலாம், பெயின்ட் உரிந்த இடத்தை எடுக்கலாம், நட்டு போல்ட்டை எடுக்கலாம். ஷாட் தானாகவே வரும்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை இருக்கிறது. ஃபோனில் பதிந்த குரலுக்கு மேல், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு கறுப்பு அட்டை போட்டு, அதில் ஷாட்டின் பெயரை மட்டும் எழுதி, குறித்த வினாடிக்கு ஓடவிடு. கண்ணை எடுக்காமல் பார். அட்டையில் இருப்பதைப் படித்து முடிப்பதற்குள் மாறினால் ஷாட் அவசரம். ஒரே அட்டையில் குரல் இரண்டு விஷயம் தாண்டிவிட்டால் அங்கே இன்னொரு ஷாட் குறைகிறது. 'பாலம் வைட்' என்ற அட்டை நாலைந்து தடவை வந்தால் அதைப் பிரித்து, ஒன்றை ரயிலுக்குள் ஜன்னலோரமாக, ஒன்றைப் படகிலிருந்து, ஒன்றை மீனவர் வலை உலர்த்தும் கரையிலிருந்து என்று மாற்று. குரல் சொல்வதையே அட்டையும் வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்கிறதா என்றும் பார். அலை என்றால் அலை, காற்று என்றால் ஆடுகிற மரம் என்று போனால் பார்க்கிறவர் சீக்கிரம் அலுத்துப்போவார்.

அப்புறம் இதே பட்டியலை இடவாரியாகத் திருப்பி எழுது, தனுஷ்கோடி எல்லாம் ஒன்றாக, சாலைப் பாலம் எல்லாம் ஒன்றாக, எண்களை மட்டும் மாற்றாதே, 4ஆ எங்கே போனாலும் 4ஆவாகவே இருக்கட்டும், கிளிப்புக்கும் அதே பெயர் வை. ஒவ்வொரு ஷாட்டையும் தேவைக்கு இரண்டு மடங்கு நேரம், 10 வினாடிக்குக் குறையாமல் எடு. சாலைப் பாலத்தில் லாரி போனால் பாலம் அதிரும், ஜூம் பண்ணியிருந்தால் ஷாட் முழுக்க நடுங்கும், வண்டி போன பிறகு மறுபடி 10 வினாடி எண்ணிக்கொள். வண்டிகள் வேகமாக வரும் இடம், ஓரமாகவே நில், தனியாகப் போகாதே.

இன்றிரவு நாலாவது வாக்கியத்திலிருந்து ஒன்பதாவது வரைக்கும் மட்டும் பட்டியல் போட்டு அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். அம்மா உப்புமாவோடு கூப்பிடுகிறாள்.

அப்பா