ஏ.ஐ. சோதனையும் தமிழ்வழி மாணவர் எழுதும் ஆங்கிலமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் மாணவர் தரும் அசைன்மென்டையும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் ஏ.ஐ. எழுதியதா என்று மென்பொருளில் போட்டுப் பார்ப்பதை ஆதரித்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். "தானே எழுதியவனுக்கு என்ன பயம்?" என்று கேட்டிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை பயப்படக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் மென்பொருள் கணக்குப் போடும் விதத்திலேயே இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையில் "நிகழும் மங்களகரமான" என்று படித்தவுடன், அடுத்து ஆண்டின் பெயர் வரும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஏ.ஐ. கண்டறியும் மென்பொருள்கள் பலவும் இதைத்தான் அளக்கின்றன. ஏராளமான எழுத்தைக் கொண்டு பழக்கப்பட்ட மொழி மாதிரி என்ற நிரலிடம் கட்டுரையைச் சொல் சொல்லாகக் காட்டி, அடுத்த சொல்லை அது எவ்வளவு எளிதாக ஊகிக்கிறது என்று பார்க்கின்றன. இந்த அளவுக்குப் பர்ப்ளெக்ஸிட்டி என்று பெயர். ஊகம் எளிதாக இருந்தால் எண் குறையும். எண் ஓர் எல்லைக்குக் கீழே போனால் "இயந்திரம் எழுதியது" என்று தீர்ப்பு வரும். இயந்திரம் பெரும்பாலும் அதிக வாய்ப்புள்ள சொல்லையே எடுக்கும் என்பது இதன் அடிப்படை. ஆனால் கல்யாணப் பத்திரிகையை எழுதியவரும் மனிதர்தானே.

விளங்குவதற்காக எளிய எண்களை வைத்துக்கொள்வோம். "ப்ளேஸ் எ வைட்டல் ரோல்" என்ற நான்கு சொற்களுக்கு அந்த மொழி மாதிரி முறையே 1/2, 1/4, 1/2, 1/4 என்று வாய்ப்புத் தருவதாக வைப்போம். நான்கையும் பெருக்கினால் 1/64. அதைத் தலைகீழாக்கினால் 64. அதன் நான்காம் படிமூலம் சுமார் 2.8, அதுவே பர்ப்ளெக்ஸிட்டி. அதாவது ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய மூன்று சொற்களுக்கு நடுவில்தான் மாதிரிக்குத் தயக்கம். "வைட்டல்" இருக்கும் இடத்தில் யாரும் எதிர்பாராத ஒரு சொல்லைப் போட்டு, அதற்கு 1/64 வாய்ப்பு என்று கொண்டால், பெருக்கல் 1/2048 ஆகி எண் 6.7-க்கு ஏறிவிடும். மற்ற மூன்று சொல்லும் அப்படியே இருக்க, மாறியது ஒரு சொல்தான்.

அந்த ஒரு சொல் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. ஆங்கிலத்தை வீட்டிலும் தெருவிலும் பேசி வளர்ந்தவருக்கு எதிர்பாராத சொல்லும் வழக்கும் தானாக வந்து விழும். வகுப்பிலும் நோட்ஸிலும் ஆங்கிலம் கற்றவர், பிழை இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த தொடரையே எடுப்பார். "இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்", "ஆன் தி அதர் ஹேண்ட்" போன்றவை ஆசிரியர்களாகிய நாம்தான் மதிப்பெண் போட்டுப் பழக்கிய தொடர்கள். வாக்கியங்களும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். அந்தச் சீரான நீளத்தையும் சில மென்பொருள்கள் இயந்திரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு கொடுமையும் உண்டு. "டிஸ்கஸ்டு அபௌட்" என்று எழுதிய மாணவர் அது பிழை என்று தெரிந்து "அபௌட்"டை அடித்துத் திருத்தினால், வாக்கியம் அந்த மொழி மாதிரி எதிர்பார்த்த வழிக்கே வந்து எண் இன்னும் குறையும். கவனமாகப் பிழை திருத்தத் திருத்த அவர் இயந்திரத்தைப் போலத் தெரிகிறார்.

இதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2023-இல் 'பேட்டர்ன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களில் போட்டார்கள். எல்லாமே மனிதர் எழுதியவை. ஆனால் சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் "ஏ.ஐ." என்று வந்தது. ஏழு மென்பொருளும் ஒன்றுபோலக் குற்றம் சாட்டியவை 18 கட்டுரைகள். ஒரு மென்பொருளிலாவது மாட்டியவை 89. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளுக்கோ பிழை சுமார் 5 சதவீதம்தான்.

அடுத்து அவர்கள் செய்த சோதனையைக் கல்லூரி நிர்வாகங்கள் அவசியம் கவனிக்க வேண்டும். அந்த டோஃபெல் கட்டுரைகளின் சொற்களைத் தாய்மொழியாளர் எழுதுவது போல வளப்படுத்தும்படி சாட்ஜிபிடியிடமே கொடுத்தார்கள். தவறாக மாட்டிய விகிதம் 61-இலிருந்து சுமார் 12 சதவீதமாக இறங்கியது. தானே எழுதியவர் மாட்டுகிறார், இயந்திரத்தைக் கொண்டு மெருகேற்றியவர் தப்புகிறார். மறுபக்கம், அமெரிக்க மாணவர்களின் கட்டுரைகளை எளிய சொற்களுக்கு மாற்றியதும் 5 சதவீதம் 56-ஐத் தாண்டியது. ஆகவே எழுதியவர் யார் என்பதைவிடச் சொல்வளத்தைத்தான் அந்த மென்பொருள்கள் அளந்திருக்கின்றன.

அந்த ஆய்வு சிறியது, அன்றைய மென்பொருள்களை வைத்துச் செய்தது. பிறகு வந்தவை பர்ப்ளெக்ஸிட்டியை மட்டும் நம்புவதில்லை. பிழை வெகுவாகக் குறைந்துவிட்டதாக அவற்றை விற்பவர்கள் சொல்கிறார்கள். அதனால் 61 என்ற எண்ணை அப்படியே நம் மாணவர்களுக்குப் பொருத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் விற்பவர் சொல்லும் பிழை விகிதம் அவர் சோதித்துப் பார்த்த கட்டுரைகளுக்கு உரியது. கோபியிலும் தாராபுரத்திலும் அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளின் ஆங்கிலம் அந்தத் தொகுப்பில் எவ்வளவு இருந்தது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே கல்லூரி அதற்குப் பணம் கட்ட வேண்டும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டது.

நடைமுறையில் இன்னொரு குழப்பமும் நேர்கிறது. யுஜிசி-யின் 2018 எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறையில் 10 சதவீதம் வரை விலக்கு, அதற்கு மேல் 40, 60 என்று படிப்படியாகத் தண்டனை உண்டு. அது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கான விதி. அங்கே ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று மூல நூலைத் திறந்து காட்டலாம், மாணவரும் மறுத்துப் பேசலாம். ஏ.ஐ. சதவீதத்துக்கு அப்படித் திறந்து காட்ட எதுவும் இல்லை. அது வெறும் ஊகம். இரண்டும் "சதவீதம்" என்றே வருவதால் அதே தண்டனைப் படிகளில் இதையும் ஏற்றுவது பெரும் தவறு. இத்தகைய சோதனை மென்பொருளை விற்கும் டர்னிடின் நிறுவனமே தன் ஏ.ஐ. மதிப்பெண்ணை மட்டும் வைத்து மாணவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எண்ணைக்கூடக் காட்டாமல் நட்சத்திரக் குறி மட்டும் போடுகிறது.

மாணவர்கள் முதல் வரியிலிருந்தே கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்யட்டும். வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டினால் வரலாறு பதிவாகாது. சந்தேகம் வந்தால் File → Version history → See version history என்று போய், எந்த நாளில் எந்தப் பத்தி வளர்ந்தது, எது அடிபட்டது என்று காட்டிவிடலாம். கையால் எழுதிய முதல் பிரதியையும் ரிசல்ட் வரும் வரை தூக்கிப் போட வேண்டாம்.

ஆசிரியர்கள், மென்பொருள் ஏ.ஐ. என்று காட்டிய பத்தியில் மூன்று வாக்கியங்களை எடுத்து, மாணவரை எதிரில் உட்கார வைத்து, பத்து நிமிடம் தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். ஏன் இந்த முறை, இந்த எண் எங்கிருந்து வந்தது, இதை மாற்றினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். வகுப்பில் அவர் கையால் எழுதிய தேர்வுத்தாளையும் பக்கத்தில் வைத்து, அதே தொடர்களும் அதே நீள வாக்கியங்களும் அதிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மென்பொருள் பிடித்தது அந்த மாணவரின் சொந்த நடையைத்தான். அந்த ரிப்போர்ட்டை மேலே அனுப்பாமல் துறையிலேயே முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
கல்லூரி ஆங்கில ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.