பிரசவ வார்டுப் போர்வை: வேலை முடிந்த அறிக்கை

மாதர் சங்கத்து அக்கா தங்கைமார் அனைவருக்கும் வணக்கம். பச்சைக் குழந்தைகள் வார்டுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு குரோஷே போர்வை பின்னிக் கொடுப்போமா என்று ஏப்ரலில் உங்களுக்கு அனுப்பிய செய்தி நினைவிருக்கும். போர்வை வார்டுக்குப் போய்விட்டது. காசுக் கணக்கைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தவறு எங்கள் செய்தியிலேயே இருந்தது.

ஆளுக்கு ஒரு சதுரம், பக்கத்துக்கு 15 சென்டிமீற்றர், 4 மில்லிமீற்றர் கொக்கி, 26 தையல் அகலம், 13 வரிசை 'டபுள்' என்று எழுதியிருந்தோம். முதலில் வந்து சேர்ந்த பதினொன்றை மேசையில் பரப்பினால் ஏழு சரியான சதுரம், நாலு வெறும் பட்டை. அகலம் சரி, உயரம் 7 சென்டிமீற்றர்கூட இல்லை. அவசரத்தில் பின்னிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். நாலும் கொன்வென்ட்டில் தையல் படித்த பெரியம்மாமாருடையவை என்று பிறகுதான் கவனித்தோம். அவர்கள் படித்தது இங்கிலாந்துப் பெயர்கள். அதில் டபுள் என்பது குட்டைத் தையல். யூடியூப்பில் பழகிய பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர்கள்தான் தெரியும். அதில் டபுள் என்றால் கொக்கியில் ஒரு தடவை நூலைச் சுற்றிக்கொண்டு போடும் உயரத் தையல்; இதையே பெரியம்மாமார் ட்ரெபிள் என்பார்கள். இரு தரப்பும் சொன்னபடிதான் செய்திருந்தார்கள். எந்தப் பெயர் என்று சொல்லாமல் விட்டது நாங்கள்.

சரி, பட்டைகளைப் பிரித்துவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தோம். மாதிரிகளைப் பார்த்த வார்டின் பொறுப்புத் தாதி அதை மாற்றினார். தன் சின்ன விரல் நுனியால் ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்தார். உயரத் தையலுக்குள் நுனி நுழைந்தது, குட்டைத் தையலுக்குள் நுழையவில்லை. பிறந்த குழந்தையின் விரல் ஓட்டைக்குள் போய் நூல் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும், அழுகை எதற்கென்று உடனே தெரியாது என்றார். தொங்கும் நூல் நுனியும் அப்படித்தான். ஆகவே ஏழு பேர் பிரித்துப் பின்னினார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். எல்லாச் சதுரமும் குட்டைத் தையல், சுமார் 30 வரிசை. பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டிய 15 சென்டிமீற்றர் அளவுச் சதுரத்தை வீடு வீடாகக் கொடுத்தனுப்பினோம். கை இறுக்கமானவர்களுக்கு ஒரு அளவு பெரிய கொக்கி கொடுத்தோம். நூல் நுனிகளை ஒரே பக்கமாக இழுத்துவிடாமல் முன்னும் பின்னுமாக மூன்று தடவை தையலுக்குள் ஓட்டிய பிறகே வெட்டினோம்.

ஆட்டுக் கம்பளி ஏன் வாங்கவில்லை, இந்தக் குளிருக்கு அதுதானே நல்லது என்று சிலர் கேட்டீர்கள். வார்டுத் துணியைச் சுடுநீரில்தான் துவைப்பார்கள். கம்பளி நூலில் பின்னிய ஒரு துண்டை வீட்டில் கொதிநீரில் போட்டுக் கசக்கிப் பார்த்தோம். சுருங்கி, தடித்து, தொப்பித் துணி மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் பருத்தி நூல், அதுவும் சாயம் ஓடாத வெளிர் நிறங்கள்.

இந்தப் போர்வை தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கு மூட அல்ல. முகத்தை மூடிவிடும் என்பதால் அதை வார்டில் அனுமதிப்பதில்லை. எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி வைத்திருப்பார்களே, அந்தக் கங்காரு முறையில் அம்மா விழித்திருக்கும்போது குழந்தையின் முதுகுப்பக்கம் போடுவதற்கு. ஐந்துக்கு ஆறாக 30 சதுரம், 75க்கு 90 சென்டிமீற்றர், இருவரையும் சுற்ற அது போதுகிறது.

குறையையும் சொல்லிவிடுகிறோம். குட்டைத் தையல் நூலைத் தின்னும். போர்வை அரைக் கிலோவைத் தாண்டிவிட்டது. ஒரு தாய் பாவித்ததைத் துவைக்காமல் அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுப்பதற்கு முன் நாங்கள் துவைத்துக் காயப்போட்டது ஜூலை மழையில். ஹட்டன் பனிமூட்டத்தில் முழுதாகக் காய மூன்று நாள் பிடித்தது. வார்டிலும் அப்படித்தான் ஆகும் என்றால் வாரத்தில் இரண்டு தாய்மாருக்குத்தான் கிடைக்கும். முன்பே ஒரு சதுரத்தை நனைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கணக்கு: 31 பேர் ஆளுக்கு 300 ரூபாய், மொத்தம் 9,300. பருத்தி நூல் 12 உருண்டைக்கு 7,800, பஸ் செலவு 480. கையில் மிச்சம் 1,020. ரசீதுகள் பொருளாளர் அக்காவிடம் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

அடுத்தது பின்னுவதானால் இதே குட்டைத் தையல், ஆனால் மெல்லிய நூல், 3 மில்லிமீற்றர் கொக்கி. சீக்கிரம் காயும், ஆனால் தையல் எண்ணிக்கை கூடும், நாளும் கூடும். மிச்சக் காசில் ஒரே ஒரு உருண்டை வாங்கி மாதிரிச் சதுரம் பின்னி, நனைத்துக் காயவைத்து, பௌர்ணமிக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
போர்வை வேலைக் குழு