கேழ்வரகுக்கு ஏது உமி?

உணவுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் இந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறேன். "சிறுதானியங்களை அரிசி, கோதுமையோடு ஒப்பிட்டு, சத்துகளையும் பதப்படுத்துவதில் உள்ள சிக்கல்களையும் எழுதுக" என்ற எட்டு மதிப்பெண் கேள்விக்கு என் மாணவி கேழ்வரகை எடுத்துக்கொண்டு, "இதில் உமி ஒரு சிக்கலே இல்லை" என்று எழுதினாள். விடைக்குறிப்பில் "உமி நீக்குவது கடினம்" என்று இருந்ததால் மதிப்பெண் போனது. அவள் எழுதியதுதான் சரி.

உமி இறுகப் பிடித்திருப்பது சாமை, வரகு, தினை போன்றவற்றில். கேழ்வரகுக்குக் கதிரடிக்கும்போதே உமி கழன்றுவிடும். அதன் சிக்கல் உள்ளே இருக்கிறது. செங்கல் நிற விதையுறை மாவுப்பகுதியோடு ஒட்டிக்கிடக்கிறது. மாவுப்பகுதியோ மெத்தென்று இருக்கும். அரிசியின் உள்பகுதி கெட்டி என்பதால் தவிட்டைத் தேய்த்து எடுக்கலாம். கோதுமையில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டால் தவிடு பதமாகி, அரைக்கும்போது செதிலாகப் பிரியும். கேழ்வரகில் இந்த இரண்டுமே நேரடியாக நடக்காது.

எங்கள் ஆய்வகத்தில் பச்சைக் கேழ்வரகை அரிசி பாலிஷரில் போட்டுப் பார்த்தோம். தட்டில் விழுந்தது செம்மண் மாதிரி ஒரு பொடி. முழு மணி தேடினாலும் இல்லை. அதையே ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்திவிட்டுப் போட்டால் தோல் போய் மணி நிற்கிறது. வெந்த மாவுச்சத்து இறுகி உள்பகுதி கெட்டிப்படுவதுதான் காரணம், புழுங்கலரிசியில் நடப்பதைப் போலவே. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை இது.

சரி, சத்துக்கு வருவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். முழுக் கோதுமையில் 39, தீட்டிய அரிசியில் 7 சொச்சம். ஆனால் சாமையில் 16தான்! விடைக்குறிப்போ "சிறுதானியங்களில் கால்சியம், புரதம் அதிகம்" என்று ஒரே வரியில் முடிக்கிறது. கேழ்வரகின் புரதம் 7 கிராம் சொச்சம், அரிசியைவிடச் சற்றுக் குறைவு.

கேள்வியின் இரண்டு பாதிகளும், அதாவது சத்தும் பதப்படுத்தலும், ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கால்சியம் அடர்த்தியாக இருப்பது அந்த விதையுறையில். தோலோடு மாவாக அரைத்தால் கால்சியம் தங்கும். கூடவே அதை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் பைட்டிக் அமிலமும் தங்கும். முளைகட்டினால் அந்த அமிலம் ஓரளவு குறையும். தோலை நீக்கினால் நிறம் வெளுக்கும், சோறாக வடிக்கலாம், ஆனால் கால்சியம் கணிசமாகக் குறைந்துவிடும்.

அடுத்த வினாத்தாளில் "சிறுதானியங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல் ஒரு தானியத்தின் பெயரைப் போட்டுக் கேளுங்கள். "கேழ்வரகை அரிசிபோல் ஏன் தீட்ட முடிவதில்லை? ஆவியில் வேகவைத்தபின் தீட்டினால் கிடைப்பது எது, இழப்பது எது?" இதற்கும் எட்டு மதிப்பெண் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
உணவுத் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர்